ஷட்டரில் ஒட்டும் அறிவிப்பு

மெஸ்ஸின் ஷட்டர் திடீரென்று இறங்கியிருந்தால், தினமும் அங்கே சாப்பிடுகிறவருக்கு முதலில் வரும் சந்தேகம் கடையை விற்றுவிட்டார்களா என்பதுதான். மாதக் கார்டுக்குப் பணம் கட்டியவர் என்றால் அடுத்த கவலை அந்தப் பணத்தைப் பற்றியது. ‘புதுப்பொலிவுடன் விரைவில்’ என்று ஒட்டினால் இரண்டுக்குமே பதில் கிடையாது. பல கடைகள் இதைத்தான் ஒட்டுகின்றன.

சமையலறைத் தரையை மாற்றப்போகும் ஒரு மெஸ் இப்படி எழுதலாம்:

“சமையலறைத் தரையும் தண்ணீர்க் குழாயும் மாற்றும் வேலைக்காக ஜூன் 8 திங்கள் முதல் 21 ஞாயிறு வரை மெஸ் இயங்காது. ஜூன் 22 திங்கள் காலை 6.30 மணிக்கு இதே இடத்தில் திறக்கிறோம். உரிமையாளர் மாறவில்லை, மாஸ்டரும் பழையவரேதான். மாதக் கார்டில் மீதமுள்ள சாப்பாடு அப்படியே இருக்கும். பணமாக வேண்டுவோர் மாலை 5 முதல் 7 மணிக்குள் கார்டுடன் கடைக்கு வரலாம்.”

மூடும் காரணத்தைச் சொல்வது வெறும் மரியாதைக்காக இல்லை. தரை வேலை என்று தெரிந்தால் கடன் தொல்லை, கட்டட வழக்கு என்ற ஊர்ப்பேச்சு எழாது. விலையைப் பற்றி இதில் ஒன்றும் சொல்லாததைக் கவனியுங்கள். ஏற்றும் எண்ணம் இருந்தால் ‘பழைய விலையே’ என்று எழுதாமல் இருப்பதே நல்லது.

சிக்கல் தேதியில்தான். மேஸ்திரி பத்து நாள் என்பார். பழைய டைல்ஸைப் பெயர்த்த பிறகுதான் அடியில் குழாய் துருப்பிடித்திருப்பது தெரியவரும். புது டைல்ஸ் நன்றாக இறுகும் முன் கிரைண்டரைத் தூக்கி வைத்தால் ஆட்டம் கண்டுவிடும். சுவரில் பட்டி, பிரைமர், பெயின்ட் என்று ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. மழை பிடித்தால் அதுவும் தள்ளிப்போகும். அதனால்தான் மேஸ்திரி சொன்ன பத்தை இங்கே பதினான்காக எழுதியிருக்கிறோம். இரண்டு நாள் முன்னதாகத் திறந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சொன்ன நாளில் வந்து பூட்டைப் பார்த்தவர் அடுத்த மெஸ்ஸில் கார்டு வாங்கிவிடுவார்.

கடையை மூடுவதற்கு ஒரு வாரம் முன்பே அறிவிப்பைக் கல்லாவுக்கு அருகில் ஒட்டுங்கள். பணம் கொடுக்கும் நேரத்தில்தான் எல்லோரும் அதைப் படிப்பார்கள், கேட்க வேண்டியதையும் அங்கேயே கேட்டுவிடுவார்கள். மூடும் நாளில் அதே தாளை ஷட்டருக்கு மாற்றினால் போதும்.

வேலை இழுத்தால் 22ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டாம். தெரிந்த அன்றைக்கே பழைய தேதியின் மேல் புதியதை ஒட்டிவிடுங்கள். முதல் சில நாள் டிபன் மட்டும்தான், மதியச் சாப்பாடு கிடையாது என்றால் அதையும் அதிலேயே எழுதுங்கள்.