கேண்டீன் டெண்டர்: எத்தனை சாப்பாட்டுக்கு என்ன ரேட்?

தொழிற்சாலை கேண்டீன் டெண்டரில் கேட்பது ஒரே ஓர் எண்ணைத்தான்: சாப்பாடு ஒன்றுக்கு எத்தனை ரூபாய்? பக்கத்து கேண்டீன் ரேட்டைப் பார்த்து இரண்டு ரூபாய் குறைத்துப் போடுபவர்கள் சில மாதங்களிலேயே நஷ்டத்தில் விழுகிறார்கள். எடுத்துக்காட்டாக, 500 பேர் மதியம் சாப்பிடும் ஒரு தொழிற்சாலையின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 26 வேலைநாள் என்றால் 13,000 சாப்பாடு.

முதலில் பரிமாறும் விதிமுறை. 250 பேராக இரண்டு பந்தி. ஒவ்வொரு பந்திக்கும் அரை மணி இடைவேளை. கடைசி ஆளும் நிதானமாகச் சாப்பிட, 15 நிமிடத்துக்குள் எல்லோர் தட்டிலும் சோறு விழ வேண்டும். இரண்டு கவுன்ட்டர் வைத்தால் ஓர் ஆளுக்கு ஏழு விநாடிதான் கிடைக்கும்; சோறு, சாம்பார், பொரியல் வைக்க அது போதாது. மூன்று வைத்தால் 11 விநாடி. ஆக மூன்று கவுன்ட்டர், ஆறு பரிமாறுபவர்கள். காலையில் காய் நறுக்க உதவுவதும் இவர்களே. மாஸ்டர், உதவி மாஸ்டர், காய் நறுக்க ஒருவர், பாத்திரம் கழுவ இருவர், சூப்பர்வைசர் என 12 பேர். யாராவது லீவு போட்டால் நிற்க இன்னொருவர். பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ் உட்பட ஆளுக்குச் சராசரி 18,000 ரூபாய் என்றால் மாதம் 2,34,000. சாப்பாட்டுக்கு 18 ரூபாய்.

அடுத்து மெனு. இதை கிராம் கணக்கில் எழுத வேண்டும். அரிசி 150 கிராம், பருப்பு 30 கிராம், நறுக்கிய காய் 150 கிராம். தோலும் காம்பும் ஐந்தில் ஒரு பங்கு கழியும் என்பதால் வாங்க வேண்டியது 190 கிராம். எண்ணெய், மசாலா, மோர், அப்பளம் எல்லாம் சேர்த்து 30 ரூபாய் என்று வைப்போம். கேஸுக்கு 3, சோப்பு, வண்டி வாடகை, தேய்மானத்துக்கு 3. அடக்கம் 54 ரூபாய். லாபம் 4 சேர்த்து ரேட் 58, ஜி.எஸ்.டி. தனி.

இப்போது, 500 பேர் என்ற தொழிற்சாலையில் 400 பேரே சாப்பிட வந்தால்? அரிசியைக் குறைக்கலாம், ஆளைக் குறைக்க முடியாது. அதே 2,34,000 ரூபாய் 10,400 சாப்பாட்டின் மேல் விழுந்து, ஆள் செலவு 22 ரூபாய் 50 பைசா ஆகிறது. நாலு ரூபாய் லாபம் போய், சாப்பாட்டுக்கு 50 பைசா நஷ்டம். பிறகு காயில் கை வைப்பார்கள், சாம்பார் தண்ணீராகும், புகார் வரும், அபராதம் விழும்.

எனவே ரேட்டோடு மூன்றையும் எழுதிக் கொடுங்கள்: தினசரி எத்தனை சாப்பாட்டுக்கு இந்த ரேட், அதற்குக் குறைந்தால் எத்தனைக்குப் பணம் உறுதி, விலைவாசி ஏறினால் எப்போது ரேட் திருத்தப்படும். நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை: மிகக் குறைந்த ரேட் போட்டவரிடம் கிராம் கணக்கையும் ஆள் கணக்கையும் கேளுங்கள். காட்ட முடியாதவருக்கு டெண்டர் கொடுக்காதீர்கள்.