மொழிபெயர்க்கும் முன் சொல் பொறுக்குவோம்

பெரியதோர் ஆவணத்தைத் தமிழாக்க ஐந்து பேர் பங்கிட்டுக்கொண்டால், ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஐந்து தமிழ்ச் சொற்கள் முளைத்துவிடும். ஆகவே முதல் வரியை எழுதும் முன்பே, எங்கும் ஒரே சீராக வர வேண்டிய சொற்களை மூலத்திலிருந்து பொறுக்கிப் பட்டியலிட வேண்டும். அவை இன்னும் கலைச்சொற்களாக முடிவாகாதவை. எனவே அவற்றை 'வேட்பாளர் சொற்கள்' என்று அழைக்கிறேன்.

ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை எடுத்துக்கொள்வோம். 1989இல் ஏற்கப்பட்ட இதை இலங்கை 1991இல் உறுதிப்படுத்தியது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களையே இது பிள்ளை என்கிறது. பதினேழு வயதான நானும் அதற்குள் அடக்கம். சமவாயத்தில் 54 உறுப்புரைகளே உள்ளன. ஆனால் அதை விளக்கும் பொதுக் கருத்துரைகள் இருபதுக்கும் மேல். எல்லாவற்றையும் தமிழாக்குவதானால், சமவாயத்திலிருந்தே சொற்களைப் பொறுக்கத் தொடங்க வேண்டும். ஏனெனில் விளக்கங்கள் அதன் சொற்களையே திரும்பத் திரும்ப எடுத்தாளுகின்றன.

முதலில் கணினியைக் கொண்டு சொற்களை எண்ணலாம். தனிச் சொல்லாக எண்ணினால் ஏமாந்துவிடுவோம். 'பார்ட்டீஸ்' என்ற சொல் பெரும்பாலும் 'ஸ்டேட்ஸ் பார்ட்டீஸ்' என்று, சமவாயத்தை ஏற்ற அரசுகளைக் குறித்து வருகிறது. 9ஆம் உறுப்புரையிலோ அதே சொல் வழக்கில் சம்பந்தப்பட்டவர்களைக் குறிக்கிறது. எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். அதனால் இரண்டு முதல் ஐந்து சொற்கள் வரையான தொடர்களையும் எண்ண வேண்டும்.

தொடர்களை எண்ணும்போது குப்பையும் சேர்ந்து வரும். 'ஸ்டேட்ஸ் பார்ட்டீஸ் ஷெல்' என்பது மிக அதிகமாக வரும் தொடர்தான், ஆனால் அது ஒரு வாக்கியத்தின் தொடக்கமே தவிரக் கருத்தொன்றின் பெயரல்ல. 'ஒஃப்', 'த', 'ஷெல்' போன்ற சிறுசொற்களில் தொடங்கும் அல்லது முடியும் தொடர்களை நீக்கினால் இத்தகையவை போய்விடும். ஆனால் தொடரின் நடுவே நிற்கும் சிறுசொல்லில் கை வைக்கக் கூடாது. வைத்தால் 'பெஸ்ட் இன்டரெஸ்ட்ஸ் ஒஃப் த சைல்ட்', அதாவது பிள்ளையின் அதிசிறந்த நலன் என்ற முக்கியமான தொடரே உடைந்துவிடும். இது 3, 9, 18, 21ஆம் உறுப்புரைகளில் இவ்வடிவில் வருகிறது. 37, 40ஆம் உறுப்புரைகளிலோ ஒருமையில், சற்று மாறிய வடிவில் வருகிறது. கணினி இவற்றை வெவ்வேறு தொடர்களாக எண்ணும். ஒரே வரிசையில் சேர்ப்பது நம் வேலை.

இனி எண்ணிக்கை காட்டாத இடத்துக்கு வருவோம். பெற்றோரின் பராமரிப்பை இழந்த பிள்ளைகளைப் பற்றிய 20ஆம் உறுப்புரையில் வளர்ப்புப் பராமரிப்பு, இஸ்லாமிய சட்டத்தின் கஃபாலா, மகவேற்பு ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன. 'கஃபாலா' சமவாயம் முழுவதிலும் இந்த ஒரே இடத்தில்தான் இருக்கிறது. மூன்று தடவைக்குக் குறைவாக வருபவற்றை நீக்கு என்று கணினிக்குக் கட்டளையிட்டிருந்தால் அது பட்டியலிலேயே ஏறாது. பிறகு அந்தப் பகுதி கைக்கு வரும் மொழிபெயர்ப்பாளர் மூன்றையும் 'தத்தெடுத்தல்' என்று எழுதிவிடக்கூடும். கஃபாலாவில் பிள்ளையை வளர்ப்பவர் பொறுப்பேற்கிறார். பிள்ளையின் வம்சம் மாறுவதில்லை, வளர்த்தவரின் வாரிசாகவும் அது தானாக ஆவதில்லை. மகவேற்பு அப்படியன்று. இதனால்தான் அடுத்த உறுப்புரை, மகவேற்பை அங்கீகரிக்கும் அல்லது அனுமதிக்கும் நாடுகளை மட்டும் விளித்துத் தொடங்குகிறது. மூன்றுக்கும் ஒரே சொல்லை எழுதினால் அந்த வேறுபாடு தமிழில் இல்லாமலே போய்விடும்.

ஆகவே ஒரே தடவை வரும் சொற்களின் பட்டியலைத் தனியாக எடுத்துக் கண்ணால் பார்க்க வேண்டும். காற்புள்ளியிட்டு அடுக்கப்பட்ட சொற்களை விசேடமாகக் கவனிக்க வேண்டும். சட்டம் எழுதுவோர் அப்படி அடுக்குவது அவற்றை வேறுபடுத்துவதற்காகவே.

இவ்வாறு வேறுபாட்டைத் தேடும்போது, ஒன்றுபோலத் தோன்றும் இரு தொடர்களும் அகப்படும். 3ஆம் உறுப்புரையில் பிள்ளையின் நலன் 'எ ப்ரைமரி கன்சிடரேஷன்', முதன்மையானவற்றுள் ஒன்று. மகவேற்பைப் பற்றிய 21ஆம் உறுப்புரையிலோ அது 'த பரமவுண்ட் கன்சிடரேஷன்', எல்லாவற்றுக்கும் மேலானது. இரண்டையும் 'முக்கியமான விடயம்' என்று எழுதினால், மகவேற்பில் பிள்ளைக்குக் கிடைத்த மேலான காப்பு குறைந்துவிடும்.

பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் வேறு வடிவங்கள், வரும் உறுப்புரை இலக்கம், ஒரு முழு வாக்கியம், ஒரு குறிப்பு ஆகியவை இருந்தால் போதும். தமிழ்ச் சொல்லுக்கான கட்டத்தை இப்போதைக்கு வெறுமையாக விடலாம். சொற்கள் எல்லாம் அருகருகே வந்த பின்னரே எதற்கு எதைக் கொடுத்தால் மற்றொன்றுடன் மோதாது என்பது தெரியும்.

பட்டியல் போதுமானதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. பட்டியலைப் பாராத ஒருவரிடம் ஏதாவதோர் உறுப்புரையைக் கொடுத்து, மொழிபெயர்க்கும்போது தான் நின்று யோசிக்கக்கூடிய சொற்களுக்குக் கீழே கோடிடச் சொல்லுங்கள். கோடிட்டவற்றுள் பட்டியலில் இல்லாதவை இரண்டு மூன்று இருந்தால், மொழிபெயர்ப்பைத் தொடங்க இன்னும் நேரம் வரவில்லை.