109-ம் 1800-ம் ஒரே பைக்: சி.சி., கன அங்குலம், லிட்டர்

சுசுகி நிறுவனத்தின் பெரிய குரூசர் பைக் ஒன்று அமெரிக்காவில் 'பூல்வார்டு எம்109ஆர்' என்ற பெயரில் விற்பனையானது. அதே பைக் இந்தியாவில் 'இன்ட்ரூடர் எம்1800ஆர்' என்று வந்தது. இரண்டு பெயர்களிலும் உள்ள எண் குறிப்பது ஒரே இன்ஜினின் கொள்ளளவைத்தான். அமெரிக்காவில் அதைக் கன அங்குலத்தில் சொன்னார்கள், இந்தியாவில் சி.சி.யில் சொன்னார்கள். ஆனால் உண்மையான கொள்ளளவு 1783 சி.சி. பெயரில் இருப்பது 1800. பைக்குகளின் விவரப் பட்டியல்களை ஒப்பிடும்போது வரும் குழப்பத்தில் பெரும்பகுதி இந்த இரண்டு காரணங்களால் வருகிறது: ஒன்று அலகு மாறுவது, மற்றொன்று எண்ணை முழுமையாக்கிப் பெயரில் போடுவது.

கொள்ளளவு என்று இங்கே சொல்வது, சிலிண்டருக்குள் பிஸ்டன் அடிமட்டத்திலிருந்து மேல்மட்டம் வரை ஒருமுறை நகரும்போது கடக்கும் இடத்தின் கன அளவு. பிஸ்டன் மேலே வந்து நின்றபின் அதன் தலைக்கு மேல் மிஞ்சும் எரியறை இதில் சேராது. சிலிண்டரின் உள்விட்டத்தைப் 'போர்' என்றும், பிஸ்டன் நகரும் தூரத்தை 'ஸ்ட்ரோக்' என்றும் விவரப் பட்டியல்கள் மில்லிமீட்டரில் தருகின்றன. இந்த இரண்டும், சிலிண்டர்களின் எண்ணிக்கையும் தெரிந்தால் போதும், கொள்ளளவை யாரும் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

மேலே சொன்ன சுசுகி இன்ஜினையே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு இரண்டு சிலிண்டர்கள். போர் 112 மி.மீ., ஸ்ட்ரோக் 90.5 மி.மீ. முதலில் இரண்டையும் சென்டிமீட்டருக்கு மாற்ற வேண்டும்: 11.2, 9.05. போரை அதனாலேயே பெருக்கினால் 125.44. அதை 0.7854-ஆல் பெருக்கினால் (இது பையின் நான்கில் ஒரு பங்கு) பிஸ்டன் தலையின் பரப்பளவு 98.52 சதுர சென்டிமீட்டர் என்று கிடைக்கும். ஸ்ட்ரோக்கால் பெருக்கினால் ஒரு சிலிண்டருக்கு 891.6 கன சென்டிமீட்டர். இரண்டு சிலிண்டருக்கு 1783 கன சென்டிமீட்டர், அதாவது 1783 சி.சி.

லிட்டருக்கு மாற்றுவது மிக எளிது. ஆயிரம் சி.சி. ஒரு லிட்டர் என்பதால், புள்ளியை மூன்று இடம் இடப்பக்கம் நகர்த்தினால் 1.783 லிட்டர் ஆகிவிடும். கன அங்குலத்துக்குத்தான் சற்றுக் கவனம் தேவை. ஓர் அங்குலம் சரியாக 2.54 சென்டிமீட்டர் என்று 1959-இல் அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட நாடுகள் ஒப்புக்கொண்டன. கன அளவு என்பதால் 2.54-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். அப்போது ஒரு கன அங்குலம் 16.387 சி.சி. என்று வரும். 1783-ஐ அதனால் வகுத்தால் 108.8 கன அங்குலம். பெயரில் உள்ள 109 அதிலிருந்து பிறந்தது.

மனக்கணக்காகப் போட விரும்புபவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி உண்டு. 100 சி.சி. ஏறக்குறைய 6.1 கன அங்குலம் என்று நினைவில் வைத்தால் போதும். அப்படிப் பார்த்தால் 350 சி.சி. சுமார் 21 கன அங்குலம், 650 சி.சி. சுமார் 40. லிட்டர் வழியாகப் போனால் ஒரு லிட்டர் 61 கன அங்குலம். இந்தச் சுருக்கு வழியில் வரும் பிழை, ஷோரூமில் நின்று ஒப்பிடுபவருக்கு ஒரு பொருட்டே அல்ல.

பொருட்படுத்த வேண்டிய பிழை வேறு. 2.54-ஐ மூன்று முறை பெருக்க மறந்து, ஒரே முறை வகுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. 350-ஐ 2.54-ஆல் வகுத்தால் 137.8 வரும். ஒற்றை சிலிண்டர் கிளாசிக் 350, ஹார்லியின் 117 கன அங்குல இன்ஜினைவிடப் பெரியது என்று அந்த விடை சொல்கிறது. தவறு என்று அங்கேயே தெரிந்துவிடும். நாம் சாலையில் பார்க்கும் பெரும்பாலான பைக்குகளின் கன அங்குல எண் 6-இலிருந்து 40-க்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டி மூன்று இலக்கத்தில் விடை வந்தால் கணக்கைத் திரும்பப் பார்ப்பது நல்லது.

ஹார்லி டேவிட்சன் பைக்குகளை ஒப்பிடும்போது இன்னும் எச்சரிக்கை வேண்டும், ஏனென்றால் ஒரே நிறுவனத்துக்குள்ளேயே இரண்டு அலகுகளும் கலந்து கிடக்கின்றன. எக்ஸ்440 என்பதில் உள்ள 440 சி.சி. ஸ்போர்ட்ஸ்டர் 883-இல் உள்ள எண்ணும் சி.சி.தான். ஆனால் மில்வாக்கி எய்ட் 107, 114, 117 என்னும் இன்ஜின் பெயர்கள் கன அங்குலத்தில் உள்ளவை. அலகு தெரியாமல் எண்களை மட்டும் பார்ப்பவருக்கு இவற்றில் 107-தான் மிகச் சிறியதாகத் தோன்றும். சி.சி.க்கு மாற்றினால் வரிசை தலைகீழாகிறது: 440, 883, 1745.

இந்த 107-இல் இன்னொரு பாடமும் இருக்கிறது. அதன் போர் 100 மி.மீ., ஸ்ட்ரோக் 111.1 மி.மீ., சிலிண்டர்கள் இரண்டு. முன்பு செய்ததைப் போலவே கணக்கிட்டால் 1745 சி.சி. வருகிறது, அது 106.5 கன அங்குலம். நிறுவனம் அதை மேல்நோக்கி முழுமையாக்கி 107 என்று பெயரிட்டிருக்கிறது. இப்போது ஒருவர் பெயரிலிருந்து தொடங்கி 107-ஐ 16.387-ஆல் பெருக்கினால் 1753 சி.சி. கிடைக்கும். அது இந்த இன்ஜினின் உண்மையான கொள்ளளவு அல்ல. முழுமையாக்கிய எண்ணை மறுபடி மாற்றும்போது, முதலில் விட்டுப்போன பின்னம் பெருகித் திரும்பி வருகிறது. ஆகவே மாற்றத்தைப் பெயரிலிருந்து தொடங்காமல், விவரப் பட்டியலில் உள்ள சி.சி. எண்ணிலிருந்தோ, போர் ஸ்ட்ரோக்கிலிருந்தோ தொடங்குவதே சரி.

நம் ஊர்ப் பைக்குகளுக்கும் இது பொருந்தும். பழைய புல்லட் 350-இன் கொள்ளளவு 346 சி.சி., இப்போதைய கிளாசிக் 350-இன் கொள்ளளவு 349. இன்டர்செப்டர் 650 உண்மையில் 648. கேடிஎம் 390 டியூக் பல ஆண்டுகள் 373 சி.சி. இன்ஜினோடு வந்தது, பிறகு 399 சி.சி. ஆனபோதும் பெயரில் 390 அப்படியே நின்றது.

லிட்டரைப் பொறுத்தவரை சிக்கல் கணக்கில் இல்லை, எத்தனை தசம இடம் எழுதுவது என்பதில் இருக்கிறது. கார்களைப் போல ஒரே தசம இடத்தோடு எழுதினால் 1868 சி.சி. கொண்ட ஹார்லி 114-ம், 1923 சி.சி. கொண்ட 117-ம் ஒரே 1.9 லிட்டர் ஆகிவிடுகின்றன. இடையில் உள்ள 55 சி.சி. காணாமல் போகிறது. சிறிய பைக்குகளை லிட்டரில் சொல்வது இதனால்தான் பயனற்றது. 'லிட்டர் பைக்' என்ற பேச்சு வழக்கும் ஒரு வகுப்பின் பெயரே தவிர அளவு அல்ல: யமஹா ஆர்1 998 சி.சி., டுகாட்டி பனிகாலே வி4 1103 சி.சி., இரண்டையும் அந்த வகுப்பில்தான் சேர்க்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே அலகுக்குக் கொண்டுவந்த பிறகும், அந்த எண் இன்ஜினின் பருமனை மட்டுமே சொல்கிறது, பலத்தைச் சொல்லாது. 349 சி.சி. கிளாசிக் சுமார் 20 குதிரைத்திறன் தருகிறது. அதைவிட 24 சி.சி. மட்டுமே கூடுதலாக இருந்த 373 சி.சி. டியூக் 40-ஐத் தாண்டியது. கன அங்குலத்தில் இவை 21.3, 22.8 என்று ஒட்டியே நிற்கும். திறன் இரட்டிப்பானதற்குக் காரணம் டியூக்கின் போர் 89 மி.மீ., ஸ்ட்ரோக் வெறும் 60 மி.மீ. என்ற அமைப்பில் இருக்கிறது. குறுகிய ஸ்ட்ரோக் உள்ள இன்ஜின் மிக வேகமாகச் சுழல முடியும். கிளாசிக்கில் போர் 72 மி.மீ., ஸ்ட்ரோக் 85.8 மி.மீ.; அது குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவை தருவதற்காக அமைந்தது.