புதன் மதியம் இரண்டரை மணி

சென்னை ஓஎம்ஆர் சாலையில் ஓர் அலுவலகம். புதிதாகச் சேர்ந்த எட்டுப் பேர் கொண்ட மென்பொருள் குழு. நான்கு டெவலப்பர்கள், ஒரு டெஸ்டர், ஒரு ஸ்க்ரம் மாஸ்டர் என ஆறு பேர் இங்கே. ப்ராடக்ட் ஓனரும் ஒரு டிசைனரும் லண்டனில். இது ஓர் உதாரணக் குழுதான். ஆனால் ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கு இந்த அமைப்பு நன்றாகவே பழகியிருக்கும். வேலை தொடங்கும் முன் ஸ்க்ரம் மாஸ்டர் எல்லோருக்கும் ஒரு மெயில் எழுதுகிறார்: "ஸ்பிரிண்ட் பிளானிங் ஆகஸ்ட் 31, திங்கள், காலை 10 மணி. ரெட்ரோ செப்டம்பர் 11, வெள்ளி, மாலை 5 மணி. இனி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இப்படியே."

படிக்கும்போது ஒரு குறையும் தெரியாது. ஆனால் சென்னையில் காலை 10 மணி என்றால் ஆகஸ்டில் லண்டனில் விடியற்காலை 5.30. அதுமட்டுமல்ல, ஆகஸ்ட் மாதத்தின் கடைசித் திங்கள் இங்கிலாந்தில் பொது விடுமுறை; 2026-ல் அது இந்த 31-ஆம் தேதிதான். என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டிய ப்ராடக்ட் ஓனர் இல்லாமலே முதல் திட்டமிடல் நடக்கப்போகிறது.

ஸ்பிரிண்ட் என்பது ஒரு மாதத்துக்கு மிகாத, நீளம் மாறாத வேலைச் சுற்று. பெரும்பாலான குழுக்கள் இரண்டு வாரம் வைத்துக்கொள்கின்றன. சுற்று தொடங்கும்போது, இம்முறை எதைச் செய்யப்போகிறோம் என்று முடிவெடுக்கும் கூட்டம் ஸ்பிரிண்ட் பிளானிங். சுற்று முடியும்போது, நாம் வேலை செய்த விதம் எப்படி இருந்தது என்று குழு தன்னையே கேட்டுக்கொள்ளும் கூட்டம் ரெட்ராஸ்பெக்டிவ்; பேச்சு வழக்கில் ரெட்ரோ. இவை எப்போது, எவ்வளவு நேரம், யாரோடு என்று குழுவே பேசி எழுதி வைத்துக்கொள்வதுதான் ஒர்க்கிங் அக்ரிமென்ட். தமிழில் குழு உடன்பாடு எனலாம்.

எவ்வளவு நேரம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு ஏற்கெனவே இருக்கிறது. கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லாந்தும் எழுதிய ஸ்க்ரம் வழிகாட்டி, ஒரு மாத ஸ்பிரிண்ட்டுக்கு பிளானிங் அதிகபட்சம் 8 மணி நேரம், ரெட்ரோ அதிகபட்சம் 3 மணி நேரம் என்கிறது. சுற்று சிறியதானால் கூட்டமும் பொதுவாகச் சிறியதாகும் என்பதோடு வழிகாட்டி நிறுத்திக்கொள்கிறது. ஆகவே இரண்டு வாரச் சுற்றுக்குப் பலர் அதைப் பாதியாக்கி 4 மணி, ஒன்றரை மணி என்று வைக்கிறார்கள். இது நிரப்பியே ஆகவேண்டிய அளவல்ல, தாண்டக் கூடாத எல்லை. நம் குழு பிளானிங்குக்கு 3 மணி, ரெட்ரோவுக்கு ஒன்றரை மணி என்று எடுத்துக்கொள்கிறது.

இனி நாள். திங்களும் வெள்ளியும் வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் எளிமையானவை. இங்கிலாந்தின் பொது விடுமுறைகளில் பாதி திங்களில்தான் வருகின்றன. வெள்ளி மதியம் சிலருக்குத் தொழுகை நேரம். வெள்ளி மாலை 5 மணிக்கோ, ஊருக்குப் போகிறவர் மனம் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்கு முன்பே போய்விட்டிருக்கும். அந்த நேரத்தில் "இந்த இரண்டு வாரத்தில் எது சரியாக நடக்கவில்லை?" என்று கேட்டால், எல்லாம் நன்றாகத்தான் போனது என்ற பதில்தான் வரும். எல்லோரும் சீக்கிரம் எழுந்து போக விரும்பும் நேரத்தில் யாரும் சிக்கலான விஷயத்தை எடுக்க மாட்டார்கள். ரெட்ரோவின் உயிரே அந்தச் சிக்கலான விஷயத்தில்தான் இருக்கிறது.

எனவே சுற்று புதனில் தொடங்கிச் செவ்வாயில் முடிகிறது. செவ்வாயன்று செய்து முடித்ததைக் காட்டும் ரிவ்யூ, அதன் பின் ரெட்ரோ, மறுநாள் பிளானிங். இந்த வரிசையில் விஷயம் இருக்கிறது. ரெட்ரோவில் "டெஸ்டருக்கு எல்லா வேலையும் கடைசி இரண்டு நாளில்தான் வந்து சேர்கிறது" என்று தெரியவந்தால், அதற்கான மாற்றம் மறுநாள் திட்டத்திலேயே ஒரு வேலையாக ஏற வேண்டும். 2017-ஆம் ஆண்டு ஸ்க்ரம் வழிகாட்டி, முந்தைய ரெட்ரோவில் கண்ட முக்கியமான ஒரு மேம்பாடாவது அடுத்த ஸ்பிரிண்ட்டில் இருக்க வேண்டும் என்றே சொன்னது. 2020 பதிப்பு அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தி, சேர்க்கலாம் என்று மட்டும் சொல்கிறது. புதிய குழுவுக்குப் பழைய கட்டாயமே நல்லது. எழுதி வைக்காத மேம்பாடு இரண்டு நாளில் மறந்துபோகும்.

அடுத்தது மணி. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான், ஏனென்றால் லண்டன் கடிகாரம் ஆண்டுக்கு இருமுறை மாறுகிறது. மார்ச் கடைசி ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னே போகும். அக்டோபர் கடைசி ஞாயிறு பழையபடி திரும்பும். நம் கடிகாரம் மாறுவதில்லை. அதனால் இரு ஊர்களுக்கும் இடையே குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம், கோடையில் நாலரை மணி நேரம் வித்தியாசம்.

காலண்டரில் தொடர் கூட்டம் ஒன்றைப் போடும்போது அது ஏதாவது ஓர் ஊரின் நேரத்தோடு கட்டப்பட்டிருக்கும். பெரும்பாலும் இன்வைட் அனுப்பியவரின் ஊர். லண்டன்காரர் "காலை 9 மணி" என்று போட்டால் குளிர்காலத்தில் சென்னையில் மதியம் 2.30, கோடையில் 1.30, சாப்பாட்டு வேளை. சென்னையிலிருந்து "மதியம் 2.30" என்று போட்டாலோ லண்டனில் குளிர்காலத்தில் காலை 9, கோடையில் 10. இரண்டுமே அங்கே அலுவலக நேரம்தான். ஆறு பேர் சாப்பாட்டை மாற்றுவதற்குப் பதில் இரண்டு பேர் ஒரு மணி நேரம் முன்பின் ஆவது எளிது. ஆகவே கூட்டம் இந்திய நேரத்தில் கட்டப்படுகிறது.

மூன்று மணி நேர பிளானிங்கில் லண்டனிலிருந்து இருவரும் முழுக்க உட்கார வேண்டுமா? இந்த ஸ்பிரிண்ட்டால் யாருக்கு என்ன பயன், எந்த வேலைகளை எடுக்கலாம் என்ற முதல் பாதிக்கு ப்ராடக்ட் ஓனர் இல்லாமல் முடியாது. எடுத்த வேலையை எப்படிச் செய்வது என்று டெவலப்பர்கள் பிரித்துப் பார்க்கும் இரண்டாம் பாதியில், கேட்டால் உடனே பதில் சொல்லும் தூரத்தில் இருந்தால் போதும். ரெட்ரோ அப்படியல்ல, குழுவில் உள்ள எட்டுப் பேரும் முழுக்க இருக்க வேண்டும். குழுவுக்கு வெளியே உள்ள மேலாளர் அதில் இருக்கக் கூடாது. அப்ரைசல் எழுதுகிறவர் எதிரே உட்கார்ந்திருந்தால், தன் தவறு இதுதான் என்று யார் வாய் திறப்பார்?

ரெட்ரோவின் 90 நிமிடத்தையும் பிரித்து வைப்பது உதவும். எஸ்தர் டெர்பி, டயானா லார்சன் இருவரும் 2006-ல் வெளிவந்த தங்கள் நூலில் ஐந்து கட்டங்களாக அதை அமைத்தார்கள்: மனத்தைத் தயார்படுத்துவது, நடந்ததைச் சேகரிப்பது, காரணம் தேடுவது, முடிவெடுப்பது, முடித்துவைப்பது. நம் குழு முறையே 5, 30, 25, 20, 10 நிமிடங்கள் ஒதுக்குகிறது. முதல் இரண்டு கட்டத்திலேயே மொத்த நேரமும் கரைந்துபோவதுதான் வழக்கமான விபத்து. சுவர் முழுக்க மஞ்சள் சீட்டு நிறைந்திருக்கும். முடிவு ஒன்றும் இருக்காது.

இவ்வளவும் யோசித்த பின் ஸ்க்ரம் மாஸ்டர் மெயிலைத் திருத்தி எழுதுகிறார். உண்மையில் இது ஆங்கிலத்தில்தான் போகும். தமிழில் அதன் உள்ளடக்கம் இப்படி இருக்கும்:

"அனைவருக்கும் வணக்கம். இது முடிவல்ல, முன்மொழிவு. வியாழக்கிழமைக்குள் மறுப்போ மாற்றமோ சொல்லுங்கள். வெள்ளியன்று 30 நிமிடம் பேசி உறுதிசெய்வோம். இந்த நேரம் உங்கள் வீட்டுச் சூழலுக்கு ஒத்துவராது என்றால் எனக்குத் தனியாக எழுதினாலும் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

முதல் ஸ்பிரிண்ட் செப்டம்பர் 2, புதன் முதல் செப்டம்பர் 15, செவ்வாய் வரை.

ஸ்பிரிண்ட் பிளானிங்: ஸ்பிரிண்ட் தொடங்கும் புதன், இந்திய நேரம் மதியம் 2.30 முதல் 5.30 வரை, நடுவில் 15 நிமிட இடைவேளை. லண்டனில் இப்போது காலை 10 மணி. அக்டோபர் 25-க்குப் பிறகு காலை 9 மணி.

ரெட்ரோ: ஸ்பிரிண்ட் முடியும் செவ்வாய், இந்திய நேரம் மாலை 3.45 முதல் 5.15 வரை. அதற்கு முன் 2.30 முதல் 3.30 வரை ரிவ்யூ. ரெட்ரோவில் குழுவினர் மட்டும்.

செவ்வாய் இரண்டு ஊர்களில் எங்கு விடுமுறையானாலும் ரெட்ரோ அதற்கு முந்தைய வேலை நாளுக்குப் போகும். புதன் விடுமுறையானால் பிளானிங் அடுத்த வேலை நாளுக்கு வரும். மணி மாறாது. ரெட்ரோவைத் தள்ளிப்போடலாம், ரத்து செய்வதில்லை.

மூன்றாவது ஸ்பிரிண்ட்டின் ரெட்ரோவில், அக்டோபர் 13 அன்று, இந்த உடன்பாட்டையே எடுத்துப் பேசுவோம்."

விடுமுறை வரியைக் கவனிக்க வேண்டும். ரெட்ரோ முன்னே நகர்கிறது, பிளானிங் பின்னே நகர்கிறது. எந்த விடுமுறை வந்தாலும் ரெட்ரோவுக்குப் பிறகே பிளானிங் என்ற வரிசை குலைவதில்லை. "தனியாக எழுதினாலும் போதும்" என்ற வாக்கியமும் அலங்காரத்துக்கு வந்ததல்ல. மாலை 5 மணிக்குக் குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டியவர், புதிய குழுவில் எட்டுப் பேர் பார்க்கும் மெயிலில் அதை எழுதத் தயங்குவார்.

அந்தத் தயக்கம் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லோரும் "ஓகே" என்று ஒரே சொல்லில் பதில் போட்டுவிட்டால் உடன்பாடு ஏற்பட்டுவிட்டதாக நினைப்பது தவறு. முதல் மூன்று ஸ்பிரிண்ட்டில் யார் எத்தனை நிமிடம் தாமதமாக வருகிறார், யார் கேமராவை அணைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார், யார் எப்போதும் கடைசி அரை மணியில் விலகுகிறார் என்று பார்த்தாலே, எந்த நேரம் யாருக்குப் பொருந்தவில்லை என்பது தெரிந்துவிடும்.

இன்னோர் அடையாளம், பிளானிங் ஒவ்வொரு முறையும் 5.30-ஐத் தாண்டுவது. உடனே நான்கு மணி நேரமாக்கலாம் என்று தோன்றும். ஆனால் பல நேரங்களில் கோளாறு அந்தக் கூட்டத்தில் இருப்பதில்லை. பேக்லாகில் உள்ள வேலைகள் தெளிவில்லாமல் வந்து சேர்கின்றன, பிளானிங்கில் உட்கார்ந்துதான் முதன்முதலாகப் படிக்கிறார்கள். ஸ்பிரிண்ட்டின் நடுவில் ஒரு மணி நேரம் ஒதுக்கி அடுத்த சுற்று வேலைகளை முன்கூட்டியே அலசிவிட்டால், மூன்று மணி நேரம் மிச்சமாகவே இருக்கும்.

காலண்டர் இன்வைட்டைத் தனி ஒருவர் கணக்கிலிருந்து அனுப்பாமல், குழுவின் பொதுக் காலண்டரில் போடுவது நல்லது. அனுப்பியவர் வேறு வேலைக்குப் போய், அவர் கணக்கும் மூடப்பட்ட பிறகு, நேரத்தை மாற்ற முடியாமல் தவிக்கும் குழுக்கள் உண்டு.

அக்டோபர் 13 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். டெஸ்டர் சொல்கிறார்: ரிவ்யூ, ரெட்ரோ இரண்டும் அடுத்தடுத்து வருவதால் செவ்வாய் காலை முழுக்க டெமோவுக்குத் தயாராவதிலேயே போய்விடுகிறது, ரெட்ரோவுக்கு வரும்போது பேசத் தெம்பில்லை. லண்டன் டிசைனருக்கோ 12.45 வரை நீள்வது இடைஞ்சல். குழு ரெட்ரோவைச் செவ்வாயிலேயே வைத்து, ரிவ்யூவைத் திங்களுக்கு மாற்றுகிறது, ரெட்ரோ 2.30-க்குத் தொடங்கும். திங்கள் விடுமுறை வந்தால் ரிவ்யூ மட்டும் முந்தைய வெள்ளிக்குப் போகும் என்று ஒரு வரி சேர்கிறது. திருத்திய மெயில் அன்று மாலையே எட்டுப் பேருக்கும் போகிறது.