மாய்ஸ்சர் மீட்டரின் முள்ளை எப்போது நம்பலாம்?

மாடித் தோட்டம் போட்டவர்கள் பலரிடம் இப்போது ஒரு மாய்ஸ்சர் மீட்டர் இருக்கிறது. சில நூறு ரூபாய்தான் விலை, பேட்டரியும் வேண்டாம். கம்பியைத் தொட்டி மண்ணில் செருகினால் 1 முதல் 10 வரை முள் நகரும். 1 என்றால் காய்ந்த மண், 10 என்றால் சொதசொதவென்ற மண். ஆனால் அந்த முள் தண்ணீரை நேரடியாக அளப்பதில்லை.

கம்பியில் இரண்டு வேறு உலோகங்கள் இருக்கின்றன. ஈரம் பட்டதும் அவற்றுக்கிடையே மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகி முள்ளைத் தள்ளுகிறது. அந்த மின்னோட்டத்துக்கு வழிவிடுவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள். ஒரு டம்ளரில் ஆர்.ஓ. தண்ணீரும், இன்னொன்றில் அதே தண்ணீரோடு ஒரு சிட்டிகை உப்பும் எடுத்து, கம்பியை மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் முள் கூடுதலாக ஏறும். இத்தனைக்கும் இரண்டு டம்ளரிலும் இருப்பது முழுக்கத் தண்ணீர்தான்.

அதனால் உப்பான போர்வெல் தண்ணீர் ஊற்றும் தொட்டியிலும், கழுவாத தென்னை நார்க்கழிவு கலந்த தொட்டியிலும், உரக் கரைசல் விட்ட மறுநாளும் ‘ஈரம்’ என்று முள் சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். நார்க்கழிவு அதிகமுள்ள பொலபொலப்பான கலவையில் நேர்மாறான தவறும் நடக்கும். கம்பியைச் சுற்றிக் காற்றிடைவெளி இருப்பதால், ஈரமிருந்தும் முள் 2-லேயே நிற்கும். இரண்டு விரற்கடை தள்ளிச் செருகினால் 6 காட்டுகிறதா? அப்படியானால் முதலில் வந்த 2-ஐத் தள்ளிவிடுங்கள்.

இந்தக் கருவியின் உண்மையான பலன், விரல் எட்டாத ஆழத்தில் என்ன நடக்கிறது என்று காட்டுவது. வெயிலில் மேல்மண் வெளுத்துப்போனாலும் அடியில் ஈரம் தேங்கியிருக்கலாம். அது தெரியாமல் தினமும் ஊற்றித்தான் பல தக்காளிச் செடிகளின் வேர் அழுகுகிறது.

ஒரு தக்காளித் தொட்டியை எடுத்துக்கொள்வோம். அடித்துளையில் வடியும்வரை தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து அரையடி ஆழத்தில் பாருங்கள். 8 வருகிறது என்று வையுங்கள். தினமும் காலையில் அதே ஆழத்தில் பார்த்து, தொட்டியையும் லேசாகத் தூக்கிப் பாருங்கள். கூடவே ஒரு மூங்கில் குச்சியை அடிவரை செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். தொட்டி கனம் குறைந்து, குச்சியும் ஏறக்குறைய உலர்ந்து வரும் நாளில் முள் 4-ல் நின்றால், அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய எண் 4. பக்கத்துச் செம்மண் தொட்டிக்கு அது வேறாக இருக்கும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக வளர்க்க இந்த ஒரு எண் போதும். உரமோ கலவையோ தண்ணீரோ மாறினால் மட்டும் மறுபடி பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கம்பியை மண்ணிலேயே விட்டுவைத்தால் உலோகம் அரித்து, முள் மந்தமாகிவிடும். பார்த்தவுடன் உருவித் துடைத்து வையுங்கள். சில மீட்டர்களில் பி.எச். பார்க்கவும் ஒரு பொத்தான் இருக்கும். அது காட்டும் எண்ணை நம்பிச் சுண்ணாம்போ கந்தகமோ போட்டுவிடாதீர்கள்.