உடல் ஊனம், மனநோய், எச்.ஐ.வி. இருந்தால் மருத்துவக் காப்பீடு கிடைக்குமா?



முத்துப்பேட்டை வட்டாரத்தில் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது எங்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. "எனக்கு ஏற்கெனவே நோய் இருக்கே, இன்ஷூரன்ஸ் யாரு குடுப்பா?" என்கிறார்கள். இன்னும் சிலர், "ஏஜெண்டு மாத்திரை சாப்பிடுறத எழுத வேணாம்னு சொல்றாரு, செய்யலாமா?" என்று கேட்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

பணம் கட்டும் முன்

முதலில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். குடும்ப வருமானம் வருடத்திற்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் இந்த அட்டை கிடைக்கும். குடும்பத்திற்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். நாம் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. ஏற்கெனவே நோய் இருக்கிறது என்பதைக் காட்டி யாரும் இந்த அட்டையை மறுக்க முடியாது. ஆனால் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் மட்டும்தான் செல்லும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதார் அட்டையுடன் திருவாரூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்தில் பதியலாம். விவரத்திற்கு இலவச எண் 1800 425 3993.

வருமானம் அதற்கு மேல் உள்ளவர்களும், பட்டியலில் இல்லாத சிகிச்சைக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பவர்களும்தான் காசு கொடுத்து பாலிசி வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மனநல பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. உடல் நோய்க்கு எப்படிக் காப்பீடு தருகிறார்களோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனாலும் சில நிறுவனங்கள் பழைய பாலிசி வாசகத்தைக் காட்டி மறுத்து வந்தன. மனநோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்த டெல்லிப் பெண் ஒருவருக்கும் அப்படித்தான் மறுத்தார்கள். அவர் உயர்நீதிமன்றம் போனார். சட்டம் வந்த நாளிலிருந்தே மனநோய்க்கும் காப்பீடு தந்திருக்க வேண்டும் என்று 2021 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான தனிச் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. காப்பீட்டுக் கணக்கியல் ஆய்வு ஆதாரம் இல்லாமல், எச்.ஐ.வி. என்பதற்காக மட்டும் காப்பீட்டை மறுக்கக் கூடாது என்பது அதில் உள்ள விதி.

முதுகுத்தண்டில் அடிபட்டு சக்கர நாற்காலியில் வாழும் ஒருவருக்கு பாலிசி மறுக்கப்பட்டபோது அவரும் டெல்லி உயர்நீதிமன்றம் போனார். மாற்றுத்திறனாளிகளுக்கு பாலிசி கிடைக்க ஏற்பாடு செய்யும்படி 2022 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2023 பிப்ரவரி 27 அன்று உத்தரவு போட்டது. மருத்துவக் காப்பீடு விற்கும் ஒவ்வொரு பொதுக் காப்பீட்டு நிறுவனமும், தனி மருத்துவக் காப்பீட்டு நிறுவனமும் மாற்றுத்திறனாளிகள், மனநோய் உள்ளவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஆகியோருக்கென ஒரு பாலிசி வைத்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளி என்பதற்கு 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் என்ற சான்று தேவை.

ஆகவே "உங்களுக்கெல்லாம் பாலிசியே கிடையாது" என்று யாராவது சொன்னால், "2023 உத்தரவுப்படி எங்களுக்குன்னு இருக்கிற பாலிசியக் காட்டுங்க" என்று கேளுங்கள்.

அவர்கள் எதை மறுக்கலாம்?

பாலிசி கிடைக்கும் என்பதால் எல்லாச் செலவும் உடனே கிடைத்துவிடாது. முதல் 30 நாளில், விபத்து தவிர வேறு எதற்கும் பொதுவாகப் பணம் வராது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்லலாம். பிரீமியத்தைக் கூட்டிக் கேட்கலாம். ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கை நம்மையே கட்டச் சொல்லலாம். இவை எல்லாம் சட்டப்படி செல்லும்.

பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்குத்தான். மாதாமாதம் வாங்கும் மனநோய் மாத்திரைக்கோ, காலிப்பர், சக்கர நாற்காலிக்கோ அதில் எதிர்பார்க்க வேண்டாம். எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் இலவசம். காலிப்பர், சக்கர நாற்காலிக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

மறைத்தால் என்ன ஆகும்?

ஒரு உதாரணம் பார்ப்போம். செல்வி என்று ஒரு உறுப்பினர் என்று வைத்துக்கொள்வோம். வயது 42. ஆறு வருடமாக மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். 20 சதவீதம் தன் பங்கு கட்ட வேண்டும் என்ற விதியுள்ள பாலிசி எடுக்கிறார். எட்டாவது மாதம் டெங்கு காய்ச்சல் வந்து, தனியார் மருத்துவமனையில் 38,000 ரூபாய் பில் ஆகிறது.

செல்வி விண்ணப்பத்தில் உண்மையை எழுதியிருந்தால், டெங்குவுக்கு அவர் பங்கு 7,600 ரூபாய். மீதி 30,400 ரூபாயை நிறுவனம் கட்டும். இரண்டாவது வருடம் மனநோய் அதிகமாகி மருத்துவமனையில் சேர்ந்தால் பணம் வராது, ஏனென்றால் 36 மாதம் முடியவில்லை. விடாமல் புதுப்பித்து வந்தால் நான்காவது வருடத்திலிருந்து அதற்கும் கிடைக்கும்.

மறைத்திருந்தால்? டெங்குவுக்குச் சேரும்போது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்பார். அதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதுவார். அந்தத் தாள்தான் நிறுவனத்துக்குப் போகிறது. ஆறு வருட நோயை மறைத்ததாகச் சொல்லி டெங்கு பில்லையும் மறுக்கலாம், பாலிசியையே ரத்தும் செய்யலாம். ஏஜெண்டு சொல்லித்தான் எழுதவில்லை என்று அப்போது நிரூபிப்பது கஷ்டம். கையெழுத்து செல்வியுடையது. தொடர்ந்து 60 மாதம் ஓடிய பாலிசியில் மோசடி என்று நிரூபித்தால்தான் மறுக்க முடியும் என்று விதி உண்டு. அதை நம்பி மறைப்பது நல்லதல்ல. நோய் ஐந்து வருடம் காத்திருக்காது.

ஆகவே விண்ணப்பத்தை ஏஜெண்டு நிரப்பினாலும், வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பாலிசி வந்ததும் அதோடு இருக்கும் விண்ணப்ப நகலைப் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து, நோய், மாத்திரை, எத்தனை வருடம் என்பது சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தப்பாக இருந்தால் உடனே எழுதித் திருத்துங்கள். வேண்டாம் என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

எச்.ஐ.வி. உள்ள சகோதரிகள் விண்ணப்பத்தைக் குழுக் கூட்டத்தில் வைத்து நிரப்ப வேண்டாம். நிறுவனத்திடம் சொல்வது வேறு, ஊருக்குத் தெரிவது வேறு. ஊக்குநரும் பிரதிநிதியும் யாரையும் கூட்டத்தில் கேட்டு எழுதக் கூடாது.

மறுத்தால் எங்கே போவது?

வாய் வார்த்தையாக மறுத்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். பாலிசியே தர மறுத்தால் ஒழுங்குமுறை ஆணையத்தின் இலவச எண் 155255 அல்லது 1800 4254 732-இல் புகார் பதியலாம். பாலிசி இருந்தும் பில் பணத்தை மறுத்தால், நிறுவனத்திடமிருந்து ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். ஒரு வருடத்திற்குள் எழுத வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். மறுப்புக் கடிதம், பாலிசி நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, பில் இந்த நான்கும் கையில் இருந்தால் போதும்.

மனு எழுத உதவி வேண்டுவோர் இந்தக் காகிதங்களுடன் கூட்டமைப்பு அலுவலகத்திற்கு வாருங்கள். தனியாக உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.