கூடையோடு போன சீட்டு

தோவாளைச் சந்தையிலிருந்து விடியுமுன் திருவனந்தபுரத்துக்குப் பூ போகும். பெரியப்பா கமிஷன் கடை நடத்திய காலத்தில் கூடைக்குள் ஒரு துண்டுச் சீட்டும் போகும்: ‘பாக்கி 1,200. கொடுத்தனுப்பவும்.’ அதற்கு யாரும் முகம் சுளித்ததில்லை. கூடை கொண்டுபோகிறவர் அங்கே டீ குடித்து, பிள்ளைகளை விசாரித்து, “ஓணத்துக்கு முன்ன முடிச்சா நல்லதுன்னு மொதலாளி சொன்னாவ” என்பார். சீட்டில் இல்லாத மரியாதை அவர் வாயில் இருந்தது.

இன்று கடை அண்ணன் கையில். அதே வாடிக்கை வீட்டின் அடுத்த தலைமுறை திருமண அலங்காரக் கம்பெனி நடத்துகிறது. பில்லைப் பார்ப்பவர் கணக்குப் பிரிவில் புதிதாக வந்தவர். சென்ற ஓணத்துக்குப் பிறகு அண்ணன் அவருக்கு அனுப்ப ஒரு மின்னஞ்சல் எழுதி என்னிடம் காட்டினார்: ‘பாக்கி 86,400 வரவில்லை. உடனே கட்டவும்.’ பெரியப்பாவின் சீட்டேதான், கூடைக்காரர் இல்லாமல்.

“இதுல என்ன தப்பு? உள்ளதத்தானே எழுதியிருக்கேன்” என்றார். எந்த பில், என்றைக்குத் தவணை, ‘உடனே’ என்றால் எந்தத் தேதி? மூன்றும் இல்லை. திருத்தி அனுப்பியது இது:

‘தலைப்பு: பில் எண் 214, ரூ. 86,400, தவணை செப்டம்பர் 14.

வணக்கம். ஓண வேலைகள் நல்லபடியாக முடிந்திருக்கும் என நம்புகிறோம். ஆகஸ்ட் 30 தேதியிட்ட பில் எண் 214-க்கான ரூ. 86,400 செப்டம்பர் 14-க்குள் வரவேண்டியது; இன்று 22 வரை வரவில்லை. பில் நகலை இணைத்துள்ளோம். எடையிலோ விலையிலோ ஐயம் இருந்தால் நாளைக்குள் தெரிவியுங்கள். இல்லையெனில் 26-ஆம் தேதிக்குள் செலுத்திவிட வேண்டுகிறோம். பணம் வரும்வரை ஆயுத பூஜைக்கான சரக்கைக் கடனுக்கு அனுப்ப இயலாது. உங்கள் வீட்டோடு இரண்டு தலைமுறைப் பழக்கம் என்பதால் முன்கூட்டியே சொல்கிறோம்.’

பழக்கத்தைப் பற்றிய வரியை முதலில் வைக்கலாம் என்றார் அண்ணன். அங்கே வைத்தால் கெஞ்சல்போலத் தெரியும். கண்டிப்புக்குப் பிறகு வந்தால்தான் அதற்கு எடை. சிறுதொழில் சட்டத்தின் 45 நாள் கெடுவையும் வட்டியையும் சேர்க்கச் சொன்னார். சரக்கை வாங்கி விற்கும் வியாபாரிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. செல்லாத மிரட்டலைக் கணக்கர் கண்டுபிடித்தால் மற்ற வரிகளும் வலுவிழக்கும். சரக்கை நிறுத்துவதோ நம் கையில் இருக்கிறது.

மறுநாளே பதில் வந்தது. பிச்சிப்பூவில் 6 கிலோ குறைந்ததாம். அதற்காக முழு பில்லையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எடைச் சீட்டைப் பார்த்தால் உண்மைதான். கிலோ 500 வீதம் 3,000 கழித்து, மீதி 83,400 இருபத்தைந்தாம் தேதி வந்து சேர்ந்தது. கூடைக்காரர் இருந்திருந்தால் இந்த 6 கிலோவை டீ குடிக்கும்போதே கேட்டு வந்திருப்பார்.